ஒரு பலகை குறைந்தால் அலமாரியையே திருப்ப வேண்டுமா?

கேள்வி: ஆன்லைனில் 18,000 ரூபாய்க்கு மூன்று கதவு அலமாரி வாங்கினேன். மூன்று பெட்டிகளில் வந்தது. பொருத்த ஆள் வந்து பாதி வேலை ஆனபோதுதான் உள்ளே நடுவில் நிற்கும் பலகை ஒன்று இல்லை என்று தெரிந்தது. ஸ்க்ரூவும் சில குறைகின்றன. கஸ்டமர் கேரில் கேட்டால் "ரிட்டர்ன் போடுங்க, பணம் வந்துடும்" என்கிறார்கள். எனக்கு அலமாரி பிடித்திருக்கிறது, இப்போது விலையும் ஏறிவிட்டது. குறைந்ததை மட்டும் வாங்க வழி உண்டா? – வாசகர், திருச்சி

பதில்: உண்டு. ஆனால் ரிட்டர்ன் பட்டனை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதை அழுத்திய உடனே உங்கள் ஆர்டர் பணம் திரும்பும் வழிக்குப் போய்விடும். அதன்பின் பாகம் கேட்டால் "ரிட்டர்ன் நடந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எடுக்க வருபவரும் எல்லாப் பலகையும் பழைய அட்டைப் பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பார். பாதி பொருத்திய அலமாரியை அவர் தொடவே மாட்டார். அதே சமயம், ரிட்டர்னுக்கான கடைசி தேதி எது என்று ஆர்டர் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முன்பே பாகக் குறைவு எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். போனில் சொன்னது போதாது.

கஸ்டமர் கேர் ஏன் ரிட்டர்னையே சொல்கிறது என்று புரிந்தால் யாரிடம் கேட்பது என்பதும் புரிந்துவிடும். சாட்டில் பேசுபவரின் திரையில் உங்கள் அலமாரி ஒற்றைப் பொருளாகத்தான் தெரியும். அந்த ஒன்றைத் திருப்பி எடுக்கவோ பணம் கொடுக்கவோ மட்டும்தான் அவருக்கு வழி இருக்கிறது. தனிப் பலகை இருப்பது தயாரிப்பாளரின் அல்லது இறக்குமதியாளரின் கிடங்கில். அவர்களுடைய பெயர், முகவரி, புகாருக்கான போன் எண், மின்னஞ்சல் எல்லாம் பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளில் இருக்கும். சில்லறை விற்பனைக்கு வரும் பொதியில் இவற்றை அச்சிட வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் சட்ட அளவியல் விதி. அதனால் அட்டைப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போட்டாயிற்று என்றால் வாங்கிய பக்கத்திலேயே பொருள் விவரத்தின் கீழே தயாரிப்பாளர் முகவரி இருக்கிறதா பாருங்கள்.

கேட்பதற்கு முன்னால் பலகை உண்மையிலேயே வரவில்லையா என்று உறுதி செய்ய வேண்டும். "ஒரு பலகை இல்லை" என்று வரும் புகார்களில் இரண்டு வகை அடிக்கடி வேறாக முடியும். முதலாவது, பெட்டி எண்ணிக்கை. ஒவ்வொரு பெட்டியிலும் 1/3, 2/3, 3/3 என்பதுபோல் போட்டிருக்கும். மூன்று பெட்டி வந்தது என்கிறீர்கள், லேபிளில் 1/4 என்று இருந்தால் பலகை கூரியர் கிடங்கில் காத்துக்கொண்டிருக்கிறது. அது பாகக் குறைவே கிடையாது, டெலிவரி பாக்கி. இரண்டாவது, இடம் வலம் மாறிப்போவது. நடுப்பலகையும் பக்கப்பலகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். துளைகள் மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிர்ப்பக்கம் அமைந்திருக்கும், அல்லது நடுப்பலகையில் இரண்டு முகத்திலும் இருக்கும். பொருத்துபவர் நடுப்பலகையைப் பக்கப்பலகையாக மாட்டியிருந்தால், இப்போது உங்களிடம் இல்லாதது வேறு பலகை. ஒவ்வொரு பலகையிலும் ஒட்டிய எண்ணை அல்லது எழுத்தைக் கையேட்டின் பாகப் பட்டியலோடு ஒன்றொன்றாகச் சரிபாருங்கள். ஸ்டிக்கர் உரிந்திருந்தால் நீள அகலத்தை அளந்து, துளைகள் எந்த முகத்தில் எத்தனை என்று எண்ணிப் பொருத்திப் பாருங்கள். சில சமயம் 5-ஆம் எண் பலகை இரண்டு வந்து 6-ஆம் எண் வராமல் போயிருக்கும். அப்படி இருந்தால் இரண்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூடுதலாக வந்த பலகையே பேக்கிங்கில் நடந்த தவறுக்குச் சாட்சி.

"நாங்கள் எல்லாம் போட்டுத்தான் அனுப்பினோம்" என்று பதில் வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். பெட்டி திறக்கும் வீடியோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எடை உதவும். பெட்டி லேபிளில் மொத்த எடை போட்டிருக்கும். உங்கள் நடுப்பலகை 180 செ.மீ. உயரம், 45 செ.மீ. ஆழம், 18 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். பார்ட்டிகிள் போர்டு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 680 கிலோ எடை வரும். கணக்குப் போட்டால் இந்த ஒரு பலகை மட்டும் ஏறக்குறைய 10 கிலோ. 40 கிலோ என்று அச்சிட்ட பெட்டியில் இருந்த பலகைகளையும், அட்டை, தெர்மாகோலையும் தனித்தனியாக எடைபோட்டுக் கூட்டினால் 30 கிலோதான் வருகிறது என்றால் அந்தப் படத்தோடு யாரும் வாதாட மாட்டார்கள். ஆளோடு சேர்த்து நிறுத்தி ஆளின் எடையைக் கழித்தால் வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியே போதும். குறைவது சில ஸ்க்ரூ மட்டும் என்றால் எடை எதையும் காட்டாது, அதற்குப் படம்தான்.

இப்போது தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். "நடுவில் நிற்கும் பலகை இல்லை" என்று எழுதினால் அங்கே இருப்பவருக்கு எந்தப் பலகை என்று தெரியாது. நான்கு முறை கேள்வி பதில் போய்வருவதற்குள் ரிட்டர்ன் தேதி தாண்டிவிடும். அவர்களுக்கு வேண்டியது மாடல் எண், நிறத்தின் பெயர், லேபிளில் உள்ள பேட்ச் எண் அல்லது தயாரித்த தேதி, கையேட்டின் எத்தனையாவது பக்கத்தில் எந்தப் பாக எண், எத்தனை தேவை, அவ்வளவுதான். பேட்ச் எண்ணைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதே மாடலில் இடையில் துளை இடமோ, பலகைகளை இறுக்கிப் பூட்டும் கேம் லாக் வகையோ மாறியிருக்கலாம், லேமினேட் நிறமும் தொகுப்புக்குத் தொகுப்பு சற்று மாறும். பேட்ச் தெரிந்தால்தான் உங்கள் அலமாரிக்குப் பொருந்தும் பலகையைத் தேடி எடுக்க முடியும். ஐகியா வாங்கியவர்களுக்கு இந்த வேலை எளிது. கையேட்டில் ஒவ்வொரு ஸ்க்ரூ படத்துக்குப் பக்கத்திலும் பெரும்பாலும் 6 இலக்க எண் இருக்கும், அதைக் கொடுத்தே உதிரியைக் கேட்கலாம். மற்ற நிறுவனங்களில் பாக எண்ணும் பேட்ச் எண்ணும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

உங்கள் விஷயத்தில் மின்னஞ்சல் இப்படி இருந்தால் போதும்: "ஆர்டர் எண் இது, டெலிவரி ஆன தேதி இது. மாடல் இது, நிறம் இது, பேட்ச் இது. கையேடு 3-ஆம் பக்கம், பாகம் 6, நடுப்பலகை, 1 வரவில்லை. ஹார்டுவேர் பட்டியலில் எழுத்து D, கேம் போல்ட், 24-க்கு 20 மட்டுமே வந்தன. குறைந்த பாகங்களை இலவசமாக அனுப்புங்கள். என்றைக்குள் அனுப்புவீர்கள் என்பதை இன்ன தேதிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். அதற்குள் முடியாவிட்டால் முழுப் பொருளையும் மாற்றவோ பணம் திரும்பப் பெறவோ எனக்குள்ள உரிமை அப்படியே இருக்கிறது." நீங்கள் குறிக்கும் தேதி ரிட்டர்ன் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக இருக்கட்டும். பலகைகளை வரிசையாகத் தரையில் பரப்பி எண் தெரியும்படி ஒரு படம், லேபிள் படம், பாகப் பட்டியலில் குறைந்ததை வட்டமிட்ட படம் என மூன்றையும் இணையுங்கள். இதையே விற்ற தளத்தின் சாட்டிலும் ஒட்டி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூவுக்கு வருவோம். நாலைந்து குறைந்தால் காத்திருக்க வேண்டாம், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கீலுக்குப் போடும் 3.5 × 16 மி.மீ. ஸ்க்ரூவும், பலகைகளை இணைக்க இடையில் செருகும் மர முளையான 8 × 30 மி.மீ. டவலும் எங்கும் கிடைக்கிற அளவுகள். கேம் லாக்கை மினிஃபிக்ஸ் என்று கேட்டால் தெரியும். ஆனால் கேம் போல்ட்டில் நீளமும் மரையும் மாறும், ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால்கூடக் கேம் பிடிக்காமல் சும்மா சுற்றும், நீளமாக இருந்தால் பலகைகளுக்கு நடுவே இடைவெளி நிற்கும். "கொஞ்சம் பெரிசு போட்டுக்கலாம்" என்று ஆள் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பார்ட்டிகிள் போர்டில் துளை ஒருமுறை பெரிதாகிவிட்டால் சரியான ஸ்க்ரூ வந்தாலும் பிடிக்காது. அதைக் காட்டி உங்கள் மேலேயே பழி போடவும் அவர்களுக்கு வசதியாகிவிடும்.

பலகையைத் தச்சரிடம் வெட்டி வாங்குவதை நான் கடைசி வழியாகவே வைப்பேன். கேம் லாக் துளைகள் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் பலகை மாட்டாது, நிறமும் ஒத்துவராது. நடுப்பலகை மேல்தட்டின் பாரத்தைத் தாங்குவது. அது இல்லாமல் அலமாரியை எழுப்பி நிறுத்த வேண்டாம், மேல்தட்டு தொய்ந்து கதவுகள் ஒன்றோடொன்று உரசும். பின்பக்கத்து 3 மி.மீ. பலகையையும் இப்படித்தான் "பரவாயில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அலமாரி கோணாமல் நிற்பதே அதனால்தான். பொருத்தியதைக் கேம் லாக் தளர்த்திப் பிரித்து, பலகைகளைத் தரையில் படுக்க வையுங்கள். டவலுக்குப் பசை போட்டிருந்தால் அந்த மூட்டைப் பிரிக்காதீர்கள், பலகை பிய்ந்து வரும்.

பதிலே வராவிட்டால் சட்டம் உங்கள் பக்கம்தான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடு என்பதற்கான விளக்கத்தில் தரத்தோடு அளவில் வரும் குறையும் அடங்கும். ஒரு பலகை வராததும் குறைபாடுதான். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்கவும் கூடாது. அலுவலரின் பெயரும் மின்னஞ்சலும் தளத்தின் அடிப்பகுதியில் இருக்கும். அடுத்த படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அல்லது consumerhelpline.gov.in. அங்கே புகார் போட்டால் அது நிறுவனத்துக்கே அனுப்பப்படும், பாகம் கேட்கும் சிறிய விஷயங்கள் இந்தக் கட்டத்திலேயே முடிய வாய்ப்பு அதிகம். அதுவும் பலிக்காவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் வேறு ஊரில் இருந்தாலும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

எப்போது பாகத்தை விட்டுவிட்டு முழுதாகத் திருப்புவது? நீங்கள் குறித்த தேதிக்குள் எழுத்தில் அனுப்பும் நாள் தரவில்லை, அல்லது அந்த மாடலையே நிறுத்திவிட்டோம் என்கிறார்கள் என்றால் ரிட்டர்ன் போட்டுவிடுங்கள். மூன்று பலகைக்கு மேல் குறைந்தாலும் அப்படியே செய்வேன், அது வேறொருவர் திருப்பி அனுப்பிய பெட்டியாக இருக்க வாய்ப்புண்டு.

பலகை வந்து சேர்ந்ததும் பொருத்துவதற்கு முன் பழைய பலகையின் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்து நிறம் பாருங்கள், துளைகளைக் கையேட்டோடு எண்ணுங்கள், முனை நொறுங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தனிப் பலகையாக வரும்போது மூலைகள்தான் அடிபடும். "புகார் தீர்ந்ததா?" என்று வரும் செய்திக்கு, அலமாரி கதவு மாட்டி நின்ற பிறகு பதில் சொன்னால் போதும்.