ஒரு சந்திப்பு வாங்க எவ்வளவு செலவாகிறது? கேள்வி பதில்

தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் விற்கும் சிறு நிறுவனங்களின் விற்பனைக் கணக்கைப் பார்ப்பது என் வேலை. அறிமுகமில்லாதவர்களைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் அணுகிச் சந்திப்பு வாங்குவது பற்றி மட்டும் பதில் சொல்கிறேன். வலைத்தளம், ஜிஎஸ்டி, விளம்பரம் எல்லாம் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

கோவை, மென்பொருள் நிறுவன உரிமையாளர்: நூற்பாலைகளுக்கு வருகைப்பதிவு மென்பொருள் விற்கிறோம். டெலிகாலருக்கு மாதம் 18,000 ரூபாய். எண்கள் பட்டியலை 6,000 கொடுத்து வாங்கினோம், மூன்று மாதம் ஓடும். தொலைபேசிக்கு 1,200. போன மாதம் 14 சந்திப்பு வாங்கிக் கொடுத்தார், 9 நடந்தது. சம்பளத்தை 14ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 1,286. மலிவுதானே? சந்தித்தவர்களில் ஆறில் ஒருவர் வாங்குகிறார். முதல் வருடம் 48,000 கொடுப்பார், அதில் எங்களுக்குச் செலவு 18,000. சந்திப்புக்கு நானே போவேன், போய்வர அரை நாள்.

எண்களோடு வந்ததற்கு நன்றி, இதை முழுதாகவே போட்டுப் பார்க்கலாம்.

18,000 என்பது அவர் கைக்குப் போவது. பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ், விடுப்புச் சம்பளம் என்று உங்கள் பையிலிருந்து இன்னும் 3,500 போகும் என்று வைத்துக்கொள்கிறேன். தொலைபேசி 1,200. பட்டியலில் இந்த மாதப் பங்கு 2,000. அடுத்தது நீங்கள் எழுதாமல் விட்டது: தினமும் அவருடன் உட்கார்ந்து யாரை அழைப்பது, என்ன சொன்னார்கள் என்று பேசுவீர்கள். அரை மணி நேரம் என்றால் 25 நாளில் பன்னிரண்டரை மணி. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 600 ரூபாய் என்றால் 7,500. கூட்டினால் 32,200.

14ஆல் வகுத்தால் 2,300. ஆனால் 14ஆல் வகுக்காதீர்கள். நாள் குறித்துவிட்டு வராதவர் உங்களுக்கு எதையும் தரவில்லை. நடந்த 9ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3,580. நீங்கள் நினைத்ததைப் போல இரண்டே முக்கால் மடங்கு.

இது அதிகமா என்பதற்கு இன்னொரு எண் வேண்டும். ஒரு வாடிக்கையாளரிடம் முதல் வருடம் உங்களுக்கு நிற்பது 30,000. ஆறு சந்திப்புக்கு ஒருவர் என்றால் ஒரு சந்திப்பின் மதிப்பு 5,000. 3,580 போக லாபம்தானே என்று தோன்றும். ஆனால் சந்திப்புக்குப் போய்வரும் நான்கு மணி நேரம் 2,400 ரூபாய், பெட்ரோல் 300. 5,000இல் அந்த 2,700ஐக் கழித்தால், சந்திப்பை வாங்குவதற்கு நீங்கள் செலவிடக்கூடியது 2,300 மட்டும். செலவிடுவது 3,580.

ஆக, முதல் வருடத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் 1,280 ரூபாய் கைவிட்டுப் போகிறது. இதற்கு டெலிகாலர் காரணமில்லை. காரணம் அந்த அரை நாள். முதல் பேச்சை ஒரு மணி நேரம் வீடியோவில் முடித்துவிட்டு, ஆர்வம் காட்டும் மூன்றில் ஒருவரிடம் மட்டும் நேரில் போனால், ஒரு சந்திப்புக்கு வீடியோ 600, பயணப் பங்கு 900. 5,000இல் மிஞ்சுவது 3,500, செலவிடும் 3,580க்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் ஆறில் ஒருவர் என்பது நேரில் போனதால் வந்த விகிதமாகவும் இருக்கலாம். மாற்றிய பிறகு அது எட்டில் ஒருவராக இறங்கினால் பழையபடி நஷ்டம்தான். வாடிக்கையாளர்கள் மூன்று வருடம் தங்குவார்கள் என்றால் தொகை தேறும், ஆனால் பணம் இரண்டாம் வருடத்தில்தான் வரும். அதுவரை தாக்குப்பிடிக்க முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சென்னை, மனிதவள ஆலோசகர்: ஒரு சந்திப்புக்கு எவ்வளவு ஆனால் நல்லது என்று பொதுவான அளவு உண்டா?

இல்லை. மேலே கோவைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ஈரோடு, உதிரிபாக வியாபாரி: அம்மணி, எனக்கு 62 வயது. மில் முதலாளிகளின் கைப்பேசி எண்கள் எங்கே கிடைக்கும் என்று சொன்னால் நானே அழைத்துவிடுவேன்.

அண்ணா, கேள்வி வேறு, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். விளம்பர அழைப்புகளுக்கு டிராய் வகுத்த முறையில் பதிவும் 140 என்று தொடங்கும் எண்ணும் வேண்டும். யாரோ விற்கும் பட்டியலை வாங்கி உங்கள் சொந்த எண்ணிலிருந்து வரிசையாக அழைத்தால், புகார் சேர்ந்து, வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் அந்த எண்ணே முடங்கலாம். நாற்பது வருடப் பழக்கம் உள்ள நீங்கள் பழைய வாடிக்கையாளர்களிடம் ஆளுக்கு இரண்டு பெயர் கேளுங்கள். அதற்கான நேரத்தையும் குறித்துவையுங்கள்.

திருப்பூர், கணக்காளர்: கோவைக்காரருக்குச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. டெலிகாலர் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் அந்தச் சம்பளம் போகத்தான் போகிறது. உரிமையாளரின் 7,500ஐ யாரும் காசோலையில் எழுதவில்லை. கூடுதலாகச் செலவாவது தொலைபேசியும் பட்டியலும்தான், 3,200 ரூபாய். ஒன்பதால் வகுத்தால் ஒரு சந்திப்புக்கு 356.

பாதி சரி. வேறு வேலையே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆளை இந்த மாதம் அழைக்கச் சொல்லலாமா என்பது கேள்வியானால், உங்கள் 356தான் சரியான எண். ஆனால் இந்த வேலையைத் தொடர்வதா, ஆளை வைத்துக்கொள்வதா, இன்னொருவரை எடுப்பதா என்று முடிவெடுக்கும்போது சம்பளம் தானாகப் போகும் பணம் இல்லை. அப்போது அதுதான் முடிவு செய்யப்படும் பணம். இன்னொன்று, அந்த டெலிகாலர் பழைய வாடிக்கையாளர்களிடம் புதுப்பித்தல் தொகையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு இதைச் செய்கிறார் என்றால் விட்டதன் மதிப்பும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

திருப்பூர், கணக்காளர்: அந்த 600 எங்கிருந்து வந்தது? 300 என்று போட்டால் அதே கோவைக்காரர் லாபத்தில் இருப்பார். இது கணக்கா, விருப்பமா?

நல்ல கேள்வி. 300 போட்டால் 28,450, நடந்தது ஒன்றுக்கு சுமார் 3,160. பயணமும் 1,500ஆகக் குறைவதால் 5,000இல் மிஞ்சுவது 3,500, அது 3,160ஐ விட அதிகம். நீங்கள் சொன்னது சரி, முடிவு மாறுகிறது. அதனால்தான் அந்த எண்ணை மனம்போல் போடக்கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வழக்கமாகச் செய்யும் காசு வரும் வேலை எது, அதில் கையில் நிற்பது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அப்படி வேலையே இல்லாத மாதத்தில் 300ஐயும் குறைக்கலாம்.

மதுரை, தனியாக வேலை செய்யும் வடிவமைப்பாளர்: இரவு பத்து மணிக்கு மேல் செய்தி அனுப்புகிறேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு வேலை இல்லை. என் நேரத்துக்கு விலை பூஜ்யம்தான். கணக்காளர் சொல்வது சரி.

பூஜ்யம் போட்டால் எந்த முயற்சியும் லாபமாகத்தான் தெரியும். கணக்குப் போடுவதே வீண். இந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்தால் மணிக்கு என்ன கேட்பார் என்று பாருங்கள், அதையாவது போடுங்கள்.

திருப்பூர், கணக்காளர்: மறுபடியும் சொல்கிறேன், புத்தகத்தில் இல்லாத செலவை வைத்து ஒரு தொழிலை நிறுத்தச் சொல்வது ஆபத்து.

புத்தகத்தில் இல்லாத செலவால் நின்றுபோன தொழில்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள், 356ம் 3,580ம். எந்தக் கேள்விக்கு எந்த எண் என்பதில்தான் நமக்குள் சண்டை. இத்துடன் இதை விடுகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சேலம், காப்பீட்டு முகவர்: ஒரு அப்பாயின்ட்மென்ட்டுக்கு 500 ரூபாய் வரை சரியா?

மேலே பாருங்கள். உங்களுக்கு ஒரு பாலிசியில் என்ன நிற்கிறது, எத்தனை பேருக்கு ஒருவர் எடுக்கிறார் என்று எழுதாமல் 500ஐப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சென்னை, பயிற்சி நிறுவனம்: போன மாதம் தொலைபேசியில் 7 சந்திப்பு, லிங்க்டுஇன் செய்தியில் 4. இரண்டுக்கும் செலவு ஒன்றுதான். லிங்க்டுஇன்னை நிறுத்திவிடலாமா?

இந்த எண்களை வைத்து நிறுத்தாதீர்கள். ஒரு மாதத்தில் 4 வந்தது என்றால், அந்த வழியின் உண்மையான போக்கு மாதம் ஒன்றிலிருந்து பத்து வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 7க்கும் இதேபோல் அகலமான இடைவெளி உண்டு, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. அடுத்த மாதம் எண்கள் அப்படியே தலைகீழானாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஒரு வழியில் இருபது வரை சேர்ந்த பிறகு ஒப்பிடுங்கள். இருபதிலும் உண்மைப் போக்கு 12 முதல் 31 வரை இருக்கலாம். அதனால் இரு மடங்கு வித்தியாசம் தெரிந்தால்தான் பேசுவேன், பத்து சதவீத வித்தியாசத்தைக் கண்டுகொள்ள மாட்டேன். இந்த 7ம் 4ம் நடந்தவையா, போட்டவையா?

சென்னை, பயிற்சி நிறுவனம்: போட்டவை.

நடந்ததை எண்ணுங்கள்.

ஓசூர், ஆட்டோமேஷன் நிறுவன விற்பனை மேலாளர்: 20,000 மின்னஞ்சல் அனுப்பினால் செலவே இல்லை. இதற்கு எதற்குக் கணக்கு?

அனுப்பக் காசு இல்லை, டொமைனின் நற்பெயர் கெட்டால் காசு உண்டு. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் ஜிமெயில் எதிர்பார்க்கிறது. ஆயிரத்துக்கு மூன்று பேர் எரிச்சலில் பொத்தானை அழுத்தினால் போதும், உங்கள் விலைப்பட்டியலும் பில்லும் ஸ்பேமில் விழலாம். நிறுவனத்தின் முதன்மை டொமைனிலிருந்து அனுப்பாதீர்கள். அனுப்புவதற்கு முன் பட்டியலைச் சுத்தம் செய்யும் நேரத்தைச் செலவில் எழுதுங்கள். அங்கேதான் மின்னஞ்சலின் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது.

திருச்சி, பிபிஓ குழுத்தலைவர்: ஒவ்வொரு சந்திப்புக்கும் டெலிகாலருக்கு 200 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்ததும் சந்திப்பு இரட்டிப்பானது. செலவு இறங்கிவிட்டது.

எத்தனை நடந்தது என்று சொல்லவில்லை. சந்திப்பு இரட்டித்து, நடந்தது அப்படியே இருந்தால், "சும்மா ஒரு தேதி போட்டுக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் ரத்து செய்யலாம்" என்று அவர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்று பொருள். அழைப்புப் பதிவுகளில் பத்தைக் கேட்டால் தெரிந்துவிடும். அதே 200ஐ நடந்த சந்திப்புக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

பெங்களூரு, சிறு நிறுவன விற்பனையாளர்: ஜனவரியில் அழைத்தவர் மார்ச்சில் சந்திப்புக் கொடுக்கிறார். எந்த மாதத்தில் எழுதுவது?

அழைத்த மாதத்தில். ஜனவரிப் பட்டியலுக்கு ஒரு வரிசை, அதன் செலவு ஒரு பக்கம், அதிலிருந்து எப்போது வந்தாலும் அந்தச் சந்திப்பு அதே வரிசையில். மார்ச்சில் செய்த ஃபாலோ-அப் நேரத்தையும் ஜனவரி வரிசையிலேயே சேருங்கள். இல்லாவிட்டால் ஆள் சேர்த்த மாதம் நஷ்டமாகவும், ஆளை அனுப்பிய மாதம் பெரும் லாபமாகவும் தெரியும். உங்கள் துறையில் பெரும்பாலோர் எத்தனை நாளில் பதில் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். மூன்று மாதம் என்றால் ஜனவரி வரிசையை ஏப்ரல் முடியும்வரை மூடாதீர்கள்.

கரூர், ஜவுளி ஏற்றுமதியாளர்: ஒரு சந்திப்புக்கு எவ்வளவு...

மேலே பாருங்கள்.