ஆறிய போனும் ஆறாத பேட்டரியும்

கேள்வி: சார்ஜில் போட்டுக்கொண்டே மூன்று, நான்கு மணி நேரம் கேம் ஆடுகிறேன். போனின் பின்பக்கம் கையில் பிடிக்க முடியாத அளவு சுடுகிறது. ஆட்டத்தை நிறுத்தினால் ஆறிவிடுகிறது. அப்புறம் என்ன கெடுதல்?

பதில்: போன் ஆறிவிடும். ஆனால் சூட்டில் பேட்டரி இழந்தது திரும்பாது. லித்தியம் அயான் பேட்டரியின் உள்ளே, கிராஃபைட் மின்முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கும். சூடு ஏற ஏற அது வேகமாகத் தடிக்கும். அப்படித் தடிக்கும்போது, சார்ஜைச் சுமக்க வேண்டிய லித்தியத்தில் கொஞ்சம் அதற்குள் சிக்கிக்கொள்ளும். சிக்கியது சிக்கியதுதான். பேட்டரியின் கொள்ளளவு அந்த அளவுக்கு நிரந்தரமாகக் குறையும்.

சூட்டோடு முழு சார்ஜும் சேர்ந்தால் பாதிப்பு இன்னும் அதிகம். நீங்கள் 60 சதவீதத்தில் ஆடத் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிராசசர் ஒரு பக்கம் சூடாக்க, சார்ஜ் ஏறுவதால் பேட்டரி தானும் சூடாகும். ஒரு மணி நேரத்தில் 100 சதவீதம் வந்துவிட்டால், மீதி இரண்டு மூன்று மணி நேரமும் பேட்டரி உச்ச வோல்டேஜில், சூட்டிலேயே கிடக்கிறது. அதிகம் தேய்வது அந்த நேரத்தில்தான்.

உங்கள் போனில் 'பைபாஸ் சார்ஜிங்' வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சார்ஜரின் மின்சாரம் பேட்டரியைத் தொடாமல் நேராக போனுக்குப் போகும். சில சாம்சங் மாடல்களில் கேம் பூஸ்டருக்குள் Pause USB Power Delivery என்ற பெயரில் இருக்கும். இல்லையென்றால், ஆடும் முன்பே 80 சதவீதம் ஏற்றிவிட்டு, வயரைக் கழற்றிவிட்டு ஆடுங்கள். 20, 30 சதவீதத்துக்கு இறங்கியதும் ஆட்டத்தை நிறுத்தி, போன் ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள். வயரோடுதான் ஆட வேண்டும் என்றால் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வையுங்கள், ஃபாஸ்ட் சார்ஜிங்கை அணையுங்கள், கவரைக் கழற்றுங்கள், ஃபிரேம் ரேட்டை ஒரு படி குறையுங்கள். நான் முதலில் குறைக்கச் சொல்வது ஃபிரேம் ரேட்டைத்தான். சூடு பிறக்கும் இடத்திலேயே அது குறைகிறது.

கைச்சூட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, adb கருவி நிறுவிய கணினியோடு இணைத்து, அதன் டெர்மினலில் இதைக் கொடுங்கள்:

```
adb shell dumpsys battery
```

temperature: 418 என்று வந்தால் பேட்டரியின் சூடு 41.8 டிகிரி செல்சியஸ். ஆட்டம் முடிந்த கையோடு பாருங்கள். 40ஐத் தாண்டி மணிக்கணக்கில் நிற்க விடாதீர்கள்.

சீக்கிரம் ஆறட்டும் என்று ஃபிரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துவிடும். பின்மூடி மேலெழும்பினாலோ, திரை ஓரத்தில் பிளந்தாலோ பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீர்கள், மூடியை அமுக்கியும் பார்க்காதீர்கள். போனை அணைத்து சர்வீஸ் சென்டரில் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள்.