பீப் சத்தமும் போர்டு விளக்கும்: கோளாறு பயாஸிலா, பாகத்திலா?

வண்ணாரப்பேட்டையில் மதர்போர்டு சர்வீஸ் செய்பவர் பதில் சொல்கிறார்.

தண்டையார்பேட்டை: அண்ணா, எம்எஸ்ஐ போர்டு. பயாஸ் அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிடுச்சு. இப்ப ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே இல்ல, ஒரு பீப்கூட வரல. போர்டு செத்துடுச்சா?

அந்த முடிவுக்கு இப்போதே வராதீர்கள் தம்பி. பீப் எப்படி வருகிறது என்று தெரிந்தால் வழி தெரியும். பயாஸ் என்பது கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் புரோகிராம். பவர் கொடுத்ததும் சிபியூ பயாஸ் சிப்பிலிருந்து அதன் முதல் வரிகளைப் படிக்கிறது. அந்த வரிகள்தான் ஸ்பீக்கரைக் கத்த வைக்கின்றன. ஆகவே என்ன புகார் சொன்னாலும் சரி, ஒரு பீப் வந்துவிட்டால் சிபியூவுக்கு மின்சாரம் போகிறது, பயாஸின் ஆரம்பப் பகுதி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுமே வராததுதான் கவலைக்குரியது.

ஆனால் முதலில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது நிறைய போர்டுகளோடு ஸ்பீக்கர் வருவதில்லை. நான்கு பின் உள்ள சின்ன ஸ்பீக்கர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சல்லிசாகக் கிடைக்கும். அது இல்லாவிட்டாலும் உங்கள் போர்டின் ஓரத்தில் CPU, DRAM, VGA, BOOT என்று எழுதிய நான்கு குட்டி விளக்குகள் இருந்தால் போதும்.

இப்போது இதைச் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லா ரேமையும் கழற்றுங்கள். மறுபடி பிளக்கைப் போட்டு ஆன் செய்யுங்கள். நல்ல போர்டு ரேம் இல்லை என்று புகார் சொல்லியே ஆக வேண்டும். CPU விளக்கு ஒரு நொடி எரிந்து, DRAM விளக்குக்குப் போய் நிற்கும். அப்படி நின்றால் பயாஸின் தலைப்பகுதி உயிரோடு இருக்கிறது. CPU விளக்கிலேயே நின்றால் மூன்றில் ஒன்று: பயாஸ் அழிந்திருக்கிறது, சிபியூ போயிருக்கிறது, அல்லது சிபியூவுக்குப் போகும் மின்சாரம் சரியில்லை. அப்டேட் நடுவில் கரண்ட் போனது என்று நீங்களே சொல்வதால் என் சந்தேகம் பயாஸ் மேல்தான். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பெரம்பூர்: சார், நானும் சர்வீஸ்தான். ஒரு நீளம், ரெண்டு குட்டை பீப் வந்தா கிராபிக்ஸ் கார்டுதான். கண்ண மூடிட்டு மாத்திடலாம். ஆனா ஒரு அசூஸ் போர்டுல கார்டு மாத்தியும் அதே சத்தம் வருது.

நீங்கள் சொல்வது பழைய அவார்டு பயாஸுக்குச் சரி. அங்கே அந்தச் சத்தம் டிஸ்ப்ளே கோளாறைத்தான் குறித்தது. உங்கள் கையில் இருக்கும் அசூஸ் போர்டில் அதே ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் ரேம் கிடைக்கவில்லை என்று பொருள். கிராபிக்ஸ் கிடைக்காவிட்டால் ஒரு நீளம், மூன்று குட்டை வரும். அதனால்தான் கார்டை மாற்றியும் போர்டு அதையே சொல்கிறது. பீப் பட்டியலை மனப்பாடத்திலிருந்து எடுக்காமல் அந்த மாடலின் மேனுவலில் இருந்து எடுங்கள். வாடிக்கையாளரிடம் கார்டுக்குக் காசு வாங்கியிருந்தால் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எண்ணூர்: எங்க வீட்டுலயும் பீப் பீப்னு கத்துது சார். கரண்ட் போனா மட்டும்தான். ஆனா கம்ப்யூட்டர் நல்லா ஓடுது. பயாஸ் மாத்தணுமா?

வேண்டாம். கத்துவது கம்ப்யூட்டர் இல்லை, யூபிஎஸ். பேட்டரியில் ஓடுகிறேன் என்று சொல்கிறது. கரண்ட் இருக்கும்போதும் கத்த ஆரம்பித்தால் பேட்டரியைக் காட்டுங்கள்.

காசிமேடு: அண்ணா, எங்க ஜெராக்ஸ் கடை சிஸ்டம் மழைக்காலத்துல காலையில ஆன் பண்ணா நீளமா பீப் விட்டுவிட்டு அடிக்குது. நாலஞ்சு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துடும். மதியம் பிரச்சினையே இல்ல. கடைல குடுத்தேன், பயாஸ் ஏத்தித் தந்தாங்க. ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, மறுபடி அதே கதை.

இந்தக் கேள்வியில் பதில் பாதி இருக்கிறது. பயாஸ் கெட்டால் அது காலை, மதியம் பார்க்காது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே மாதிரி நிற்கும். நேரத்துக்கும் ஈரத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப மாறும் கோளாறு பாகத்தின் கோளாறு, அல்லது பாகம் போர்டைத் தொடும் இடத்தின் கோளாறு. விட்டுவிட்டு வரும் நீள பீப் பல போர்டுகளில் ரேமைத்தான் குறிக்கும்.

பயாஸ் ஏற்றியதும் ஏன் சரியானது என்று கேட்பீர்கள். கடையில் கேபினெட்டைத் திறந்து ரேமைக் கழற்றி மாட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படிக் கழற்றி மாட்டும்போது காண்டாக்ட் உரசி, மேலே படிந்த படலம் விலகும். உங்கள் பக்கம் கடற்காற்றில் உப்பு அதிகம். ஈரம் சேர்ந்தால் அந்தப் படலம் மறுபடி வளரும். பலன் வந்தது கழற்றியதால், பெயர் வாங்கியது பயாஸ்.

இனி செய்ய வேண்டியது. இரண்டு ரேமிலும் பென்சிலால் 1, 2 என்று குறித்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, தங்க நிறப் பட்டைகளை ஒரே திசையில் துடையுங்கள். பலர் ரப்பரால் தேய்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலே இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ரப்பர் அதையும் சேர்த்துத் தேய்க்கும், துகள் ஸ்லாட்டுக்குள் போய் உட்காரும். ஸ்லாட்டுக்குப் புளோயரால் ஊதுவது போதும், எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்.

துடைத்த பிறகும் வந்தால், பீப் அடிக்கும் அந்த ஈரமான காலையிலேயே பரிசோதியுங்கள். ரேம் 1ஐ மட்டும் ஒரு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், பிறகு அதே ஸ்லாட்டில் ரேம் 2. அப்புறம் அடுத்த ஸ்லாட்டில் இரண்டையும் தனித்தனியாக. கோளாறு ரேமோடு கூடவே போனால் ரேமை மாற்றுங்கள். எந்த ரேம் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் வந்தால் அந்த ஸ்லாட். இரண்டு ரேமும் இரண்டு ஸ்லாட்டிலும் தகராறு செய்தால் சிபியூ சாக்கெட்டைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ரேமை நடத்தும் கன்ட்ரோலர் இப்போதெல்லாம் சிபியூவுக்குள்தான் இருக்கிறது. சாக்கெட்டில் வளைந்த ஒரு பின்னும் போர்டை ரேம் புகார் சொல்ல வைக்கும்.

மதியம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ஓட்டிப் பிழையில்லை என்று வந்தால் அதை வைத்து ரேமை நல்லது என்று சொல்லிவிடாதீர்கள். சூடேறிய பிறகு அதுவும் நன்றாகத்தான் ஓடுகிறது என்று நீங்களே சொன்னீர்களே.

திருவொற்றியூர்: புதுசா ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ரேம் போட்டு அசெம்பிள் பண்ணேன் ப்ரோ. மஞ்சள் DRAM லைட் எரியுது, டிஸ்ப்ளே வரல. ஒரு நிமிஷம் பார்த்து ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்றேன். ரேம் டூப்ளிகேட்டா?

ஆஃப் செய்வதை முதலில் நிறுத்துங்கள். முதல் முறை ஆன் ஆகும்போது பயாஸ் அந்த ரேமுக்கு ஏற்ற டைமிங்கைத் தேடிப் பார்த்து அமைக்கிறது. டிடிஆர்5இல் இது பல நிமிடம் பிடிக்கும், அதுவரை DRAM விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். நீங்கள் ஒவ்வொரு முறை ஆஃப் செய்யும்போதும் அது முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஒரே ஒரு ரேமை, நான்கு ஸ்லாட் போர்டு என்றால் சிபியூ பக்கமிருந்து இரண்டாவது ஸ்லாட்டில், போட்டுவிட்டுப் பதினைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். அதற்குப் பிறகும் மஞ்சள் மாறவில்லை என்றால் காசிமேடு தம்பிக்குச் சொன்ன மாற்றிப் போடும் முறைக்கு வாருங்கள். பிறகு ஒரு நாள் ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ செட்டிங்கை ஆன் செய்ததும் இதே மாதிரி நின்றால் ரேம்மேல் பழி போடாமல், பயாஸ் செட்டிங்கை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர சிமாஸ் கிளியர் செய்யுங்கள். வேகம் கூடிய அந்த செட்டிங்தான் காரணம்.

வியாசர்பாடி: பி450 போர்டுல ரைசன் 2600 ஓடிட்டு இருந்துச்சு. பழைய 5600 ஒன்னு வாங்கிப் போட்டேன். சிவப்பு CPU லைட். வித்தவர் சிபியூ நல்லாத்தான் இருக்குங்கிறார். ஏமாத்திட்டாரா?

அவசரப்பட்டு அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பி450 போர்டில் 5600ஐ அடையாளம் காண புது பயாஸ் வேண்டும். பழைய பயாஸுக்கு அந்தச் சிபியூ என்னவென்றே தெரியாது, அதனால் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். 2600ஐத் திரும்பப் போட்டு, பயாஸ் திரையில் வெர்ஷனைக் குறித்துக்கொண்டு, போர்டு கம்பெனி தளத்தில் சிபியூ ஆதரவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அப்டேட் செய்த பிறகும் 5600இல் மட்டும் சிவப்பு நின்றால், சிபியூவின் அடியில் உள்ள பின்கள் வளையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கு அப்புறம்தான் வித்தவரிடம் பேச வேண்டும்.

தண்டையார்பேட்டை (மறுபடி): அண்ணா, ரேம் எல்லாம் எடுத்துட்டேன். CPU லைட்லயே நிக்குது. போர்டு பின்னாடி Flash BIOS பட்டன் இருக்கு. பென்டிரைவ் போட்டு அழுத்தினேன். லைட் சில நொடி மினுக்கி நின்னுடுச்சு. அப்ப சிப்பும் போச்சா?

அது ஃபைலைப் படிக்கவில்லை என்று சொல்கிறது, சிப்பைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை. சரியாக நடந்தால் விளக்கு சில நிமிடம் மினுக்கிக்கொண்டே இருக்கும். பென்டிரைவை FAT32ஆக ஃபார்மட் செய்யுங்கள், முடிந்தால் 16 ஜிபி அல்லது அதற்குக் கீழே உள்ளது, அதில் வேறு எதுவும் வேண்டாம். உங்கள் மாடலுக்கான ஃபைலை ஜிப்பிலிருந்து வெளியே எடுத்து, MSI.ROM என்று பெயர் மாற்றி, ஃபோல்டருக்குள் போடாமல் நேராக வையுங்கள். விண்டோஸில் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதி மறைந்திருந்தால் MSI.ROM.ROM என்று ஆகிவிடும், அதனால் அதைக் காட்டச் சொல்லிவிட்டுப் பெயர் மாற்றுங்கள். பட்டன் பக்கத்தில் அதற்கென்று குறித்த யூஎஸ்பி போர்ட்டில் மட்டும் செருகுங்கள். 24 பின் கேபிளும் சிபியூவின் 8 பின் கேபிளும் மாட்டியிருக்க வேண்டும்.

யூபிஎஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். முழுதாக மினுக்கி முடிந்த பிறகு, ரேம் இல்லாமலேயே மறுபடி ஆன் செய்யுங்கள். DRAM விளக்குக்கு நகர்ந்தால் பயாஸ்தான் குற்றவாளி, வேலை முடிந்தது. அப்போதும் CPUவிலேயே நின்றால் பயாஸ் ஓரளவுக்கு விடுபடுகிறது, ஏறியது சரியாக ஏறியதா என்ற ஐயம் மட்டும் மிஞ்சும். அதைத் தீர்க்க நல்ல சிபியூ ஒன்றை அந்தப் போர்டிலும், உங்கள் சிபியூவை வேறு போர்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். அதை வீட்டில் செய்ய முடியாது, போர்டையும் சிபியூவையும் எடுத்து வாருங்கள்.