ஈசாப் பங்குக்கு இரண்டு முறை வரியா? சிக்கல் ‘வாங்கிய விலை’யில் இருக்கிறது

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் நிறுவனப் பங்கு சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2024 ஜூலையில், ஊழியர்கள் நிறுவனப் பங்கைக் குறைந்த விலையில் வாங்க வழிசெய்யும் ஈசாப் உரிமையைப் பயன்படுத்தி, பங்குக்கு 50 ரூபாய் வீதம் கட்டி 1,000 பங்குகள் வாங்கினேன். அதற்காகச் சம்பளத்தில் 1,24,800 ரூபாய் வரி பிடித்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் 520 ரூபாய்க்கு எல்லாவற்றையும் விற்றேன். ரிட்டர்ன் போட்டுத் தருபவர், 4,70,000 ரூபாய் லாபம், அதற்கும் வரி கட்ட வேண்டும் என்கிறார். இன்னொருவர், முன்பு பிடித்த வரியைத் திரும்ப வாங்கித் தருகிறேன், அதில் பத்து சதவீதம் எனக்கு என்கிறார். ஸ்டார்ட்அப்பில் இருக்கும் என் தம்பிக்கோ வரியே பிடிக்கவில்லை. எது சரி, ஐயா?

பதில்: உங்கள் ரிட்டர்ன் தயாரிப்பாளர் சொல்லும் 4,70,000 ரூபாய் தவறு. உங்கள் மூலதன ஆதாயம் 70,000 ரூபாய்தான், அதற்கு நீங்கள் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. பத்து சதவீதம் கேட்பவரிடம் எந்தக் காகிதத்தையும் கொடுக்காதீர்கள். தம்பியின் விஷயம் வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஈசாப் பங்கில் வருமானம் இரண்டு இடங்களில் பிறக்கிறது. முதலாவது, நீங்கள் உரிமையைப் பயன்படுத்திய நாளில், 450 ரூபாய் மதிப்புள்ள பங்கை நிறுவனம் உங்களுக்கு 50 ரூபாய்க்குக் கொடுத்தபோது பிறந்தது. அந்த 400 ரூபாய் சலுகை, நீங்கள் செய்த வேலைக்கு முதலாளி கொடுத்த ஊதியத்தின் ஒரு பகுதி என்றுதான் சட்டம் பார்க்கிறது. ஆகவே அது பெர்க்விசிட் என்ற பெயரில் சம்பளத்தோடு சேர்ந்தது. ஆயிரம் பங்குகளுக்கு 4,00,000 ரூபாய். உங்கள் வருமானம் 30 சதவீத அடுக்கில் இருந்ததால் 1,20,000 ரூபாய் வரி, அதன் மேல் 4 சதவீத செஸ் 4,800 ரூபாய், ஆக 1,24,800 ரூபாய். நிறுவனம் பிடித்த தொகை இந்தக் கணக்கோடு ரூபாய் பிசகாமல் பொருந்துவதை வைத்துத்தான், அந்த நாளின் மதிப்பை 450 ரூபாய் என்று அவர்கள் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்கிறேன். பட்டியலிடப்பட்ட பங்குக்கு, உரிமையைப் பயன்படுத்திய நாளன்று பங்குச்சந்தையில் இருந்த தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் சராசரியே மதிப்பு. காலையில் 444, மாலையில் 456 என்று இருந்திருந்தால் சராசரி 450 வரும். அந்த நாளின் விலைகளை நீங்களே எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வருமானம், நீங்கள் விற்றபோது பிறந்தது. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். விற்ற விலையிலிருந்து எதைக் கழிக்க வேண்டும்? கையிலிருந்து கொடுத்த 50 ரூபாயை அல்ல. பெர்க்விசிட் கணக்கிட எடுத்துக்கொண்ட அதே 450 ரூபாயைத்தான் வாங்கிய விலையாகக் கொள்ள வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 49(2ஏஏ) பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. 50 முதல் 450 வரை உள்ள உயர்வுக்குச் சம்பளமாக வரி கட்டியாகிவிட்டது. 450 முதல் 520 வரை உள்ள உயர்வு மட்டுமே மூலதன ஆதாயம். பங்குக்கு 70 ரூபாய், மொத்தம் 70,000 ரூபாய். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்து, பங்குச்சந்தை வழியாக விற்ற பட்டியலிட்ட பங்கு என்பதால் இது நீண்டகால ஆதாயம். ஓராண்டில் 1,25,000 ரூபாய் வரை இத்தகைய ஆதாயத்துக்கு வரி கிடையாது. அந்த ஆண்டில் வேறு பங்கோ ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டோ விற்று ஆதாயம் பார்க்கவில்லை என்றால் உங்கள் வரி பூஜ்யம்.

தயாரிப்பாளரின் கணக்குப்படி போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். 4,70,000 ரூபாயில் 1,25,000 போக மீதி 3,45,000. அதற்கு 12.5 சதவீதம் 43,125, செஸ் 1,725, ஆக 44,850 ரூபாய். கட்ட வேண்டிய அவசியமே இல்லாத பணம். இப்படிக் கட்டிவிட்டு, கட்டியது தெரியாமலே இருப்பவர்கள் ஏராளம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

தவறு எங்கே நுழைகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஈசாப் பங்குகளை நீங்கள் தரகர் மூலம் வாங்கவில்லை. நிறுவனம் நேரடியாக உங்கள் டீமேட் கணக்கில் வரவு வைத்தது. எந்த விலையில் வந்தது என்பது தரகு நிறுவனத்தின் கணினிக்குத் தெரியாது. அது பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும், அல்லது யாரோ ஒருவர் 50 என்று நிரப்பியிருப்பார். ஆண்டு முடிவில் வரும் மூலதன ஆதாய அறிக்கையில் அந்த எண்ணே அச்சாகி வருகிறது. ரிட்டர்ன் தயாரிப்பவர் அதை அப்படியே எடுத்து ஒட்டுகிறார். வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால் அங்கே 5,20,000 ரூபாய் விற்பனை முழுதாகத் தெரியும். வாங்கிய விலைப் பகுதியில் இருப்பதை நம்ப முடியாது. நிறுவனம் 450 ரூபாய் என்ற மதிப்பின் மேல்தான் வரி பிடித்து, அரசிடம் கட்டி, கணக்கும் கொடுத்திருக்கிறது. அதே துறையின் இன்னொரு திரையில் அந்த 450 தானாக வந்து உட்கார ஏன் இத்தனை ஆண்டுகளாக வழி செய்யவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஆகவே அந்தச் சுமை உங்கள் தலையில்தான்.

செய்ய வேண்டியது இதுதான். 2024-25ஆம் நிதியாண்டின் படிவம் 16ஐயும் அதோடு வரும் படிவம் 12பிஏவையும் எடுங்கள். பெர்க்விசிட் வரிசையில் ஈசாப் தொகை 4,00,000 என்று தனியாக இருக்கும். பங்கு எண்ணிக்கை, உரிமையைப் பயன்படுத்திய நாள், அன்றைய மதிப்பு, பங்கு ஒதுக்கப்பட்ட நாள் ஆகியவற்றைக் காட்டும் கடிதத்தை மனிதவளப் பிரிவிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஐடிஆர் 2 படிவத்தில் 112ஏ அட்டவணையில் வாங்கிய விலையாக 4,50,000 ரூபாயை நிரப்பச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் மறுத்தால் வேறொருவரிடம் போங்கள். பின்னாளில் துறை கேள்வி கேட்டால், படிவம் 12பிஏவும் அந்தக் கடிதமும் போதும்.

ஒதுக்கப்பட்ட நாளைக் கேட்டு வாங்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மதிப்பைக் கணக்கிடுவது உரிமையைப் பயன்படுத்திய நாளை வைத்து. ஆனால் எத்தனை மாதம் வைத்திருந்தீர்கள் என்பதை எண்ணுவது பங்கு ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து. நீங்கள் 2024 ஜூலை 10 அன்று உரிமையைப் பயன்படுத்தி, பங்கு ஆகஸ்ட் 2 அன்று ஒதுக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டு ஆகிவிட்டது என்று நினைத்து 2025 ஜூலை 20 அன்று விற்றிருந்தால், சட்டப்படி பன்னிரண்டு மாதம் நிறையவில்லை. அந்த 70,000 ரூபாய் குறுகியகால ஆதாயமாகி, 20 சதவீதமும் செஸும் சேர்த்து 14,560 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். செப்டம்பரில் விற்றதால் நீங்கள் தப்பித்தீர்கள்.

விலை ஏறியதால் உங்கள் கேள்வி இந்த அளவில் நின்றது. 300 ரூபாய்க்கு இறங்கிய பிறகு விற்றிருந்தால்? 50க்கு வாங்கி 300க்கு விற்றவருக்குக் கையில் லாபம்தான். ஆனால் சட்டத்தின் கணக்கில் 450லிருந்து 300க்கு இறங்கியதால் 1,50,000 ரூபாய் மூலதன இழப்பு. அந்த இழப்பைச் சம்பளத்தில் கழித்து, முன்பு கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. நீண்டகால இழப்பு என்றால் நீண்டகால ஆதாயத்தில் மட்டும், அதுவும் எட்டு ஆண்டுகளுக்குள் கழித்துக்கொள்ளலாம், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் மட்டும். கைக்கு வராத பணத்துக்கு முழு விகிதத்தில் சம்பள வரி வாங்கிக்கொண்டு, அந்தப் பணம் கரைந்துபோனால் ‘அது வேறு தலைப்பு’ என்று கைவிரிக்கும் இந்த ஏற்பாட்டை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

இந்த ஆதங்கத்தைத்தான் பத்து சதவீதக்காரர்கள் காசாக்குகிறார்கள். முறையாகப் பிடித்த 1,24,800 ரூபாயைத் திரும்பப் பெறச் சட்டத்தில் வழியே இல்லை. ஆகவே அவர்கள் உங்கள் பெயரில், கொடுக்காத வீட்டு வாடகையும் கட்சி நன்கொடையும் எழுதியோ, சம்பளத்தைக் குறைத்துக் காட்டியோ திருத்திய ரிட்டர்ன் போடுவார்கள். இணையதளத்தின் கடவுச்சொல்லை வாங்கி, அதில் மின்னஞ்சல் முகவரியையும் மாற்றிவிடுவார்கள். துறையின் நோட்டீஸ் உங்கள் கண்ணில் படாது. 2025 ஜூலையில் இப்படிப் பொய்க் கழிவு எழுதித் தந்த இடைத்தரகர்கள் மீது தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. தவறான விவரம் தந்ததாக முடிவானால் ஏய்த்த வரியோடு அதன் இருமடங்கு அபராதமும் விழும். அது விழுவது தரகர் மீது அல்ல, பான் எண்ணுக்கு உரிய உங்கள் மீது.

இனி உங்கள் தம்பி. ஸ்டார்ட்அப்பில் வேலை செய்வதாலேயே வரி தள்ளிப்போகாது. வரி கட்டுவதைத் தள்ளிவைக்கும் சலுகை, வருமான வரிச் சட்டத்தின் 80-ஐஏசி பிரிவின் கீழ் சான்று பெற்ற நிறுவனங்களின் ஊழியர்களுக்கு மட்டுமே. மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறையான டிபிஐஐடி தரும் அங்கீகாரம் என்பது வேறு, அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியம் தரும் 80-ஐஏசி சான்று என்பது வேறு. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் ஒரு சிறு பகுதிக்கே இந்தச் சான்று இருக்கிறது. ‘அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்’ என்று பணி நியமனக் கடிதத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். சான்று இல்லாமல் நிறுவனம் வரி பிடிக்காமல் விட்டிருந்தால், அந்த வரி இப்போதே தம்பி கட்ட வேண்டிய பாக்கி, வட்டியும் சேரும்.

சான்று இருந்தாலும் தள்ளிப்போவது வரி கட்டும் நாள் மட்டுமே, வரி அல்ல. பெர்க்விசிட் தொகையைப் பங்கு ஒதுக்கப்பட்ட ஆண்டின் ரிட்டர்னிலேயே காட்ட வேண்டும். விகிதமும் அந்த ஆண்டின் விகிதம்தான். விற்கும்போது கட்டினால் போதும் என்பது பாதி உண்மை. பங்கை விற்ற நாள், வேலையை விட்ட நாள், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் நிறைந்த நாள் ஆகிய மூன்றில் எது முதலில் வருகிறதோ, அதிலிருந்து 14 நாட்களுக்குள் வரி கட்டப்பட வேண்டும். 2025-26 நிதியாண்டில் பங்கு பெற்றிருந்தால் மதிப்பீட்டு ஆண்டு 2027 மார்ச் 31 அன்று முடியும். 48 மாதம் கழித்து 2031 மார்ச் 31. அன்று பங்கு விற்க ஆளில்லாமல் கிடந்தாலும் வரி வந்தே தீரும். அதற்கு முன்பே வேறு வேலைக்குத் தாவினால், ராஜினாமா செய்த கையோடு வரி வந்து நிற்கும். பட்டியலிடப்படாத பங்கை அந்த இரண்டு வாரத்தில் யாரிடம் விற்று அவர் பணம் புரட்டுவார்? வேலை மாற நினைத்தால், முதலில் இந்தத் தொகையைக் கணக்கிட்டுக்கொண்டு பிறகு ராஜினாமா கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

தம்பிக்கு இந்தச் சலுகையின்படிதான் வரி தள்ளிவைக்கப்பட்டதா என்பதை அவருடைய படிவம் 12பிஏவில் கண்டுபிடிப்பது எளிது. ஈசாப் பங்குகளுக்கு அதில் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று 80-ஐஏசி தகுதி பெற்ற ஸ்டார்ட்அப் தந்தவற்றுக்கு, மற்றது ஏனையவற்றுக்கு. தொகை முதல் வரிசையில் இருந்தால், சான்றின் நகலையும் ஒரு முறை கேட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாவது வரிசையில் இருந்தும் வரி பிடிக்கப்படவில்லை என்றால், அல்லது தொகை எந்த வரிசையிலும் இல்லை என்றால், ரிட்டர்ன் போடும் முன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவிடம் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும்.