காவடி நாளில் சேலைக்கும் வேட்டிக்கும் எந்தச் செருப்பு?

"மொரிசியசில் இதுதான் எங்களுக்கு முதல் தைப்பூசம். ஆற்றங்கரையிலிருந்து கோவில் வரை காவடி கூடவே நடக்கப் போகிறோம். நான் பட்டுச்சேலை, கணவர் வேட்டி. ஐந்தாறு கிலோமீட்டர் இருக்குமாம். காலுக்கு என்ன போடுவது?"

காவடியோ பால்குடமோ நீங்கள் எடுக்கவில்லை, கூட நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எடுப்பவர்கள் வெறுங்கால்தான்.

நான் இங்கே மொரிசியசில் காத்ர் போர்ன் ஊரில் இருக்கிறேன், வருடாவருடம் நடக்கிறேன். செருப்பு வாங்கும்போது எல்லோரும் நடையை மட்டும்தான் நினைக்கிறார்கள். கோவில் வாசலில் அதைக் கழற்ற வேண்டும் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள செருப்பைப் போட்டுக்கொண்டு, அந்த உயரத்துக்கு அளவாகச் சேலை கட்டினேன். கொசுவம் பாதத்தைத் தொட்டும் தொடாமலும் அழகாக இருந்தது. கோவிலில் செருப்பைக் கழற்றியதும் அந்த ஐந்து சென்டிமீட்டர் சேலையும் தரையில் கிடந்தது. படி ஏறும்போது என் கொசுவத்தை நானே மிதித்துவிட்டேன், இடுப்பில் செருகியிருந்தது பாதி வெளியே வந்துவிட்டது. சுற்றிலும் கூட்டம், கையில் அர்ச்சனைத் தட்டு. அக்காதான் பின்னால் நின்று மறைத்துக்கொண்டு திரும்பச் செருகிவிட்டாள்.

அதனால் அடிப்பாகம் தட்டையாக, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாத செருப்பாகப் பாருங்கள். சேலையை வெறுங்காலில் நின்று கட்டுங்கள். கரை தரையிலிருந்து இரண்டு விரல் மேலே இருக்கட்டும். பாதமும் செருப்பும் கொஞ்சம் தெரியும்தான், பரவாயில்லை. சாலையில் சேலை அழுக்காகாது, கோவிலுக்குள் தடுக்காது. ஆற்றங்கரையில் புல்லும் ஈர மண்ணுமாக இருக்கும், குதி கூர்மையான செருப்பு அங்கேயே புதைந்துவிடும்.

அடுத்தது, பின்பட்டை. அது இல்லாவிட்டால் செருப்பு கழன்றுபோகாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டே நடப்போம், மூன்றாவது கிலோமீட்டரில் பாதம் வலிக்கத் தொடங்கும். வெல்க்ரோ பட்டை மட்டும் வேண்டாம். அதன் சொரசொரப்பான பக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் பட்டு இழையை இழுத்துவிடும். கல், மணி பதித்த செருப்பும் அப்படித்தான், உள்பாவாடையின் லேஸ் ஓரத்தில் மாட்டும். இழுத்தால் நீளும் எலாஸ்டிக் பட்டை நல்லது. கூட்டத்தில் குனியாமலே மற்றக் காலால் தள்ளிக் கழற்றிவிடலாம்.

இப்போது உங்கள் கணவருக்கு. இங்கே ஆண்கள் பலர் வேட்டிக்கு வீட்டில் போடும் சவாத்தை, அதாவது பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்பையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வெறுங்காலில் வருபவர்களுக்குத் தார் சுடாமல் இருக்க, வழியில் உள்ள வீட்டுக்காரர்கள் சாலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். குதிகாலைத் தூக்கும்போது சவாத் ஒரு கணம் பின்தங்கி, பிறகு பட்டென்று குதியில் அடிக்கும். அந்த அடியில் ஈரம் பின்பக்கமாகத் தெறிக்கும். கோவில் சேரும்போது வேட்டியின் பின்புறம் முழங்கால்வரை பழுப்புப் புள்ளிகள். பின்பட்டை வைத்த செருப்பு குதியோடு சேர்ந்தே எழும்புவதால் இவ்வளவு தெறிக்காது. அடி ரப்பராக இருக்கட்டும், வழவழப்பான தோல் அடி ஈரக் கல்லில் வழுக்கும்.

மேல்பட்டை தோல் என்றால் வாங்கியதும் ஈரமான வெள்ளைத் துணியால் உள்பக்கத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அன்றைக்குக் காலிலும் வேட்டிக் கரையிலும் ஏறும். தைப்பூசம் இங்கே கோடையில், ஜனவரி பிப்ரவரியில் வருகிறது. திடீர் மழை சாதாரணம்.

வெயிலில் நடக்க நடக்கப் பாதம் வீங்கும். அதனால் செருப்பைச் சாயங்காலம், நாள் முழுக்க நின்ற காலோடு போய் வாங்குங்கள். காலையில் சரியாக இருப்பது மத்தியானம் இறுக்கும். வாங்கி ஒரு வாரமாவது வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் போட்டு நடங்கள். எங்கே சிவக்கிறது என்று பார்த்துவைத்து, காவடி அன்று கிளம்பும் முன்பே, கால் காய்ந்திருக்கும்போது, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். கொப்புளம் வந்த பிறகு வியர்வைக் காலில் அது நிற்காது.

அப்புறம், ஒரு துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளில் உங்களுடையதைத் தேடுவது பெரும்பாடு. இரண்டு ஜோடியையும் பையில் போட்டு, உள்ளே வராமல் வெளியே நிற்கும் உறவினர் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.