உறவின்போது 'டப்' என்று சத்தம் கேட்டது, உடனே ஆணுறுப்பு வீங்கிவிட்டது. ஐஸ் வைத்தால் போதுமா? டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போதாது. இன்னும் வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்றால், யூராலஜி பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டு மீதியை ஆட்டோவில் படியுங்கள்.

எனக்கு மூன்று வருடம் முன்பு தண்டையார்பேட்டை வீட்டில் ராத்திரி 11.30 மணிக்கு நடந்தது. மனைவி மேலே இருந்தாள். நழுவி வெளியே வந்து அவள் இடுப்பெலும்பில் மோதியது. விரலில் சொடுக்கு எடுப்பது போன்ற சத்தம், அவளுக்கும் கேட்டது. விறைப்பு அந்த நொடியே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கி இடது பக்கம் சாய்ந்தது. (கதை விடுகிறான் என்று கமெண்ட் போடுபவர்கள் போடட்டும். அதற்காகத்தான் பெயர் போடாமல் எழுதுகிறேன்.)

நானும் வெட்கப்பட்டேன். மெடிக்கல் ஷாப்பில் 'அடிபட்ட வீக்கம்' என்றேன், எங்கே என்று சொல்லவில்லை. மாத்திரை போட்டதும் வலி குறைந்தது, சரியாகிறது என்று நினைத்துவிட்டேன். மறுநாள் மதியம் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். வழியில் வழக்கம்போல ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன, 40 நிமிடம் ஆட்டோ நகரவில்லை. இந்தப் பக்கம் அவசரம் என்று ஒருவனுக்கும் வரக் கூடாது போல.

டாக்டர் கேட்டது மூன்றுதான். சத்தம் கேட்டதா? உடனே தளர்ந்ததா? நுனியில் ரத்தம் வந்ததா, சிறுநீர் போகிறதா? முதல் இரண்டுக்கும் ஆமாம் என்றதும், பார்த்த மாத்திரத்தில் ஆபரேஷன் என்றுவிட்டார். சந்தேகம் இருந்தால்தான் ஸ்கேனாம். ரத்தம் வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ சிறுநீர்க் குழாயும் கிழிந்திருக்கலாம். உங்களுக்கு அப்படி இருந்தால் போனதுமே சொல்லிவிடுங்கள், அவர்கள் சிறுநீர் டியூப் போடுவதற்கு முன்பே.

ஏன் கத்தி என்று கேட்டேன். "சைக்கிள் டயர் மாதிரிப்பா. உள்ளே ரத்தம் நிரம்புற பஞ்சு, அதைச் சுத்தி ஒரு உறை. விறைப்புல அந்த உறை ரொம்ப மெலிசாயிடும். உனக்கு அது கிழிஞ்சிருக்கு" என்றார். ஐஸ் வீக்கத்தைத்தான் குறைக்கும். கிழிசல் தானாக ஆறினால் தழும்பு கட்டியாகி, அந்தப் பக்கம் மட்டும் நீளாது. விறைக்கும்போது வளையும், வலிக்கும். சிலருக்கு விறைப்பே சரியாக வராமல் போகலாம். முடிந்தவரை ஒரு நாளுக்குள் தைப்பது நல்லது என்றார். நான் போனது 16 மணி நேரம் கழித்து.

முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்தார்கள். சட்டைக் கையை மடிப்பது போலத் தோலைப் பின்னே தள்ளி, உறைந்த ரத்தத்தை எடுத்து, வலது பக்கம் இருந்த கிழிசலைக் கரையும் நூலால் தைத்தார்கள். அப்புறம் உப்புநீரை உள்ளே ஏற்றி விறைக்கவைத்து எங்காவது கசிகிறதா என்று பார்த்தார்களாம். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்களே, அதேதான்.

மறுநாள் சிறுநீர் டியூபை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரம் உறவு கூடாது. விடிகாலையில் தானாக விறைக்கும்போதுதான் உயிர் போனது. இப்போது வளைவு இல்லை, தையல் போட்ட இடத்தில் தொட்டால் கடுகளவு முடிச்சு ஒன்று தட்டுப்படும்.