பெரியம்மா கொண்டுவந்த டின் அவரையும் மகனின் கறுத்த சிறுநீரும்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, எடை 18 கிலோ. ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். குவைத்தில் வேலை செய்யும் அக்கா லீவில் வந்தபோது கொண்டுவந்த டின் அவரையைத் தாளித்துக் கொடுத்தேன். விரும்பிச் சாப்பிட்டான். மறுநாள் இரவு சிறுநீர் கறுத்துப்போனது, கண் மஞ்சளாகியது. பக்கத்து வீட்டார் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். நான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். ஹீமோகுளோபின் 5.9 என்று சொல்லி இரத்தம் ஏற்றினார்கள். ஜி6பிடி குறைபாடு என்றார்கள். ஆனால் ஆறாம் நாள் எடுத்த பரிசோதனையில் 'நோர்மல்' என்று வந்திருக்கிறது. எதை நம்புவது? மாமியார் இப்போது பருப்பு, கடலை, போஞ்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. பிறக்கப்போகும் பிள்ளைக்கும் இது வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கீழாநெல்லிக்காகக் காத்திராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்களே, அதுதான் அவனைக் காப்பாற்றியது. ஹீமோகுளோபின் 5.9 வரை இறங்கிய ஒரு சிறு பிள்ளையை இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தால் இதயம் தாங்கியிருக்காது.

அந்த டின்னில் இருந்தது நம் தோட்டத்து அவரை இல்லை. அரபு நாடுகளில் 'ஃபூல்' என்று காலை உணவாகச் சாப்பிடும் ஃபாவா அவரை அது. அதில் வைசின், கொன்வைசின் என்ற இரண்டு பொருள்கள் இருக்கின்றன. குடலில் அவை உடைந்து வேறு இரண்டு பொருள்களாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. செங்குழியத்துக்குள் புகுந்ததும் அங்குள்ள ஒட்சிசனோடு சேர்ந்து ஐதரசன் பெரொட்சைட்டை உண்டாக்குகின்றன. வேகவைத்தாலும் டின்னில் அடைத்தாலும் வைசின் முழுதாக நீங்குவதில்லை. ஆகவே 'நன்றாக அவித்துத்தானே கொடுத்தேன்' என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

இந்தப் பெரொட்சைட்டு உங்கள் உடலிலும் என் உடலிலும் நாள்தோறும் சிறிதளவு உண்டாகிறது. குளுட்டதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் செயலிழக்கச் செய்துவிடும். ஆனால் ஒரு முறை வேலை செய்த குளுட்டதயோனை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத் தேவையான சக்தியைக் குளுக்கோசிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நொதியம்தான் குளுக்கோஸ் 6 பொஸ்பேட் டிஹைட்ரஜனேஸ், சுருக்கமாக ஜி6பிடி. உடலின் மற்றக் கலங்களுக்கு இந்தச் சக்தியைப் பெற வேறு வழிகளும் உண்டு. செங்குழியத்துக்கு இந்த ஒரு வழிதான். கருவும் இல்லாதபடியால், தேய்ந்துபோன நொதியத்துக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளவும் அதனால் முடியாது. சுமார் 120 நாட்கள் வாழும் செங்குழியம், பிறக்கும்போது கொண்டுவந்த நொதியத்தை வைத்தே காலம் தள்ளுகிறது.

உங்கள் மகனின் செங்குழியங்களில் அந்த நொதியம் பிறப்பிலேயே குறைவு. மற்ற நாட்களில் இருப்பது போதுமாக இருந்தது. அதனால்தான் ஆறு வருடமாக ஓடி விளையாடித் திரிந்தான். ஃபாவா வந்து சேர்ந்த அன்று பெரொட்சைட்டு ஒரேயடியாகப் பெருகிவிட்டது, குளுட்டதயோன் தீர்ந்துபோனது. பிறகு ஹீமோகுளோபினே சிதைந்து, கட்டி கட்டியாகச் செங்குழியத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டது. மண்ணீரல் இப்படிப்பட்ட கட்டிகளைப் பிய்த்தெடுக்கும். நுணுக்குக்காட்டியில் அந்தச் செங்குழியங்களைப் பார்த்தால் ஓரம் கடிபட்டதுபோல இருக்கும். மிச்சம் பல இரத்தக் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும். வெளியே கொட்டிய ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியாக இறங்கியதால்தான் சிறுநீர் கடுஞ்சாயத் தேநீர்போலக் கறுத்தது. கண் மஞ்சளானதும் அதே சிதைவினால்தான். ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரல் காமாலையிலும் சிறுநீர் கறுக்கும், ஆனால் பிள்ளை திடீரென்று வெளிறிப்போவதில்லை. கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தால் சிவப்பு மறைந்திருப்பது, உள்ளங்கையும் நாக்கும் வெளுத்திருப்பது, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இவை மஞ்சளோடு சேர்ந்து வந்தால் அது இரத்தச் சிதைவு என்றே எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

அந்த 'நோர்மல்' அறிக்கைக்கு வருகிறேன். இதை நம்பி 'குறைபாடு இல்லை' என்று விட்டுவிடும் குடும்பங்கள் பல. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சிதைவு வரும்போது நொதியம் மிகவும் தேய்ந்த முதிய செங்குழியங்களே முதலில் அழிகின்றன. இழப்பை ஈடுசெய்ய எலும்பு மச்சை புதிய செங்குழியங்களை அவசரமாக வெளியே அனுப்புகிறது. இளம் குழியங்களில் நொதியம் ஒப்பளவில் கூடுதலாகவே இருக்கும். போதாததற்கு உங்கள் மகனுக்கு இரத்தமும் ஏற்றியிருக்கிறார்கள். அவன் எடைக்கு வழக்கமாகக் கொடுப்பது சுமார் 180 முதல் 270 மில்லிலீற்றர். ஆறாம் நாள் அவன் கையிலிருந்து எடுத்த குருதியில் இருந்தவை, தப்பிப் பிழைத்த இளம் குழியங்களும் யாரோ ஒரு கொடையாளியின் நல்ல குழியங்களும்தான். குறைபாடுள்ள முதிய குழியங்கள் அதற்குள் சிதைந்து அழிந்துவிட்டன. ஆகவே அந்த முடிவு அவனைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இரத்தம் ஏற்றிய நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். நொதியம் எவ்வளவு என்று எண்ணாக அளந்து காட்டும் பரிசோதனையாக அது இருந்தால் நல்லது. அதுவரை குறைபாடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் கதை அவ்வளவு தெளிவானது.

மாமியார் நிறுத்தியவற்றை இன்றே திரும்பக் கொடுங்கள். மைசூர்ப் பருப்பு, கடலை, பாசிப்பயறு, கவுப்பி, போஞ்சி, சோயா, எதிலும் இந்த ஆபத்து இல்லை. லயத்துப் பிள்ளைக்குப் புரதமும் இரும்பும் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் கிடைக்கின்றன. இரத்தம் இழந்து தேறிவரும் பிள்ளைக்கு இவற்றைப் பறிப்பது பெரும் கெடுதல். உணவில் தடை ஃபாவா ஒன்றுக்கே. ஆனால் அது டின்னில் மட்டும் வருவதில்லை. வறுத்து உப்பிட்டுப் பாக்கெட்டிலும் வரும், மாவாக்கி அரபு நாட்டு வடைகளிலும் சேர்ப்பார்கள். அக்காவிடம் சொல்லிவையுங்கள். குறைபாடு உள்ள எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் சிதைவு வருவதில்லை என்பது உண்மைதான். அதற்காக 'கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்' என்று யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

மருந்துகளில் நூறு பெயர்கொண்ட பட்டியல்கள் சுற்றிவருகின்றன. அவற்றை வீட்டில் ஒட்டிவைப்பதை நான் விரும்புவதில்லை. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் கொடுக்கவும் பயந்து நிற்கும் தாய்மாரை அந்தப் பட்டியல்கள் உருவாக்கியிருக்கின்றன. உண்மையில் அஞ்ச வேண்டியவை சில. தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன், மலேரியாவுக்கான பிரைமாகுயின், டஃபெனோகுயின், வைத்தியசாலையில் மட்டும் பயன்படும் மெத்திலீன் புளூவும் ராஸ்புரிகேஸும், சிறுநீர்த் தொற்றுக்கு எழுதும் நைட்ரோபியூரன்டோயின். இவையும் ஃபாவாவைப்போலச் செங்குழியத்துக்குள் ஒட்சியேற்றத்தைத் தூண்டுபவையே. இந்தக் குறைபாடு 1956இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டதும் பிரைமாகுயினால் சிலருக்கு மட்டும் ஏன் இரத்தம் சிதைகிறது என்று தேடியபோதுதான். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டதால் அந்த மருந்து இப்போது இங்கே அபூர்வம். வெளிநாடு போய்க் காய்ச்சலோடு திரும்புகிறவர்களுக்கு இன்னும் தேவைப்படும். பரசிட்டமோல் வழக்கமான அளவில் உங்கள் மகனுக்குப் பாதுகாப்பானது. 18 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 250 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில் கொடுக்கலாம். தடுப்பூசிகள் எல்லாம் போடலாம். தோட்டத்து டிஸ்பென்சரியோ பெரிய வைத்தியசாலையோ, எங்கே போனாலும் 'ஜி6பிடி குறைபாடு' என்று முதலிலேயே சொல்லுங்கள். பிள்ளையின் சுகாதாரக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் வைத்தியரைக் கொண்டே எழுதுவித்துக்கொள்ளுங்கள். மருந்து எதுவுமே கொடுக்காதபோதும், நிமோனியா போன்ற கடும் தொற்று ஒன்றே சிதைவைத் தூண்டலாம். ஆகவே பெரிய காய்ச்சலின்போது சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது வழக்கமாகட்டும்.

பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த நொதியத்துக்கான மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான், அதைத் தருவது தாய். ஆகவே மகனிடம் இருப்பது அனேகமாக உங்களிடமிருந்து வந்ததே. இதில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்ததும் ஆண் என்றால் குறைபாடு வரும் வாய்ப்பு சரிபாதி. பெண் என்றால் உங்களைப்போல மரபணுவைத் தாங்கிவரும் வாய்ப்பு சரிபாதி. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு இருப்பதால் பெரும்பாலும் நோய் தெரிவதில்லை, ஆனால் சிலருக்கு நொதியம் கணிசமாகக் குறைந்திருக்கும். ஆகவே உங்களையும் பரிசோதிக்க வேண்டும். கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். கிளினிக்கில் நைட்ரோபியூரன்டோயின் எழுதுமுன் அவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பாலூட்டும் காலத்திலும் நீங்கள் ஃபாவா சாப்பிட வேண்டாம், அது தாய்ப்பால் வழியாகவும் போகும்.

மலைநாட்டுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. குளிருக்காகக் கம்பளியையும் சுவெட்டரையும் பெட்டியில் போட்டு, பூச்சி அரிக்காமல் நப்தலின் உருண்டை வைப்பது நம் வீடுகளின் வழக்கம். பிள்ளை பிறந்ததும் பெட்டியைத் திறந்து அதே துணியால் சுற்றுகிறோம். நப்தலின் மூச்சு வழியாகவும் மெல்லிய தோல் வழியாகவும் உள்ளே போய், குறைபாடுள்ள பச்சிளம் பிள்ளையின் செங்குழியங்களைச் சிதைக்கும். இப்படிச் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. பிறந்த பிள்ளையின் ஈரல் இவ்வளவு பிலிருபினையும் அகற்றும் வலிமை பெற்றிருக்காது. அது மூளையில் படிந்தால் காது கேளாமையும் கை கால் அசைவுக் குறைபாடும் வாழ்நாள் முழுதும் நிற்கலாம். இப்போதே அந்த உருண்டைகளை வீட்டிலிருந்து எடுத்தெறிந்து, துணிகளைத் துவைத்து நன்றாகக் காற்றாட உலர்த்திவிடுங்கள். கைக்குழந்தைக்கு மருதோன்றியும் வேண்டாம். அதனாலும் இப்படிச் சிதைவு வந்திருக்கிறது.

பிரசவத்துக்கு அனுமதிக்கும்போது மூத்த பிள்ளைக்கு ஜி6பிடி குறைபாடு என்று வார்டில் சொல்லுங்கள். பிறந்த பிள்ளையின் பிலிருபின் அளவைக் குருதியில் அளந்து பார்க்காமல் வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். வந்த பிறகும் முதல் வாரத்தில் மஞ்சள் முகத்திலிருந்து வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, குடும்பநல உத்தியோகத்தர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். காலை வெயிலில் பிடித்தால் சரியாகிவிடும் என்பது இந்த மஞ்சளுக்குப் பொருந்தாது. இதற்கு வேண்டியது வைத்தியசாலையின் நீல ஒளிச் சிகிச்சை. சில வேளை பிள்ளையின் குருதியையே மாற்ற வேண்டியும் வரும்.